கணக்கு எண் மாறிய பிடிஎஃப் இன்வாய்ஸ்: அறிகுறி வாரியாகச் சோதிக்கும் முறை

நீங்கள் எதிர்பார்த்திருந்த இன்வாய்ஸ்தான் வந்திருக்கிறது. அனுப்பியவர் பல மாதங்களாக உதிரிபாகம் சப்ளை செய்கிறவர். இன்வாய்ஸ் எண் 2317, பொருள் விவரம், தொகை, லோகோ எல்லாம் சரியாக இருக்கின்றன. கீழே வங்கி விவரம் மட்டும் புதிது. மெயிலில் இரண்டே வரிகள்: "தணிக்கை நடப்பதால் எங்கள் பழைய கணக்கு தற்காலிகமாக முடக்கப்பட்டுள்ளது. இணைப்பில் உள்ள புதிய கணக்குக்கு இன்று மாலைக்குள் செலுத்தவும், இல்லாவிட்டால் அடுத்த சரக்கு தாமதமாகும்."

இந்த ஒரே இன்வாய்ஸை வைத்து, எந்த அறிகுறி தென்பட்டால் எங்கே பார்ப்பது, அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று கீழே எழுதியிருக்கிறோம். தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் செய்யும் சோதனைகள் எல்லாம் ஒருவழிப் பாதை. ஒரு சோதனையில் தோற்றால் ஆவணத்தைச் சந்தேகிக்கக் காரணம் கிடைத்துவிடும். எல்லாவற்றிலும் தேறிவிட்டது என்பதால் அசல் என்று சொல்லிவிட முடியாது. கணக்கு உண்மையிலேயே மாறியதா என்பதற்குப் பதில் சப்ளையரிடம் மட்டுமே இருக்கிறது, அதுவும் நீங்கள் ஏற்கெனவே அறிந்த தொலைபேசி எண்ணில். சோதனைகளில் ஏதாவது ஒன்று தோற்றதும் பணம் அனுப்புவதை நிறுத்துங்கள். எதுவும் தோற்காவிட்டாலும் அந்த அழைப்பைச் செய்யுங்கள்.

அறிகுறி: கோப்பு மெயிலோடு வரவில்லை, பகிர்ந்த லிங்க்காக வந்திருக்கிறது

வழக்கமாக இன்வாய்ஸை மெயிலில் இணைத்து அனுப்புகிறவர் திடீரென்று டிரைவ் லிங்க் அனுப்பினால், முதல் கேள்வி ஏன் என்பதே. மோசடிக்காரருக்கு இதில் இரண்டு ஆதாயம் உண்டு. பகிர்வு அறிவிப்பு மெயிலை அனுப்புவது அந்தச் சேவையின் சொந்தச் சர்வர். கூகுள் டிரைவ் என்றால் `drive-shares-dm-noreply@google.com` போன்ற அசல் முகவரியிலிருந்து வரும். ஆகவே மெயில் வடிகட்டி அதைப் பெரும்பாலும் தடுப்பதில்லை, அனுப்புநர் முகவரியைப் பார்க்கும் உங்கள் கண்ணும் ஏமாறும். இரண்டாவது ஆதாயம், கோப்பு மெயிலுக்குள் இல்லாததால் மெயில் அமைப்பு அதைத் திறந்து சோதிக்க வாய்ப்புக் குறைவு.

அறிவிப்பில் பெரிய எழுத்தில் தெரியும் பெயர், பகிர்ந்தவர் தன் கணக்கில் தானே தட்டி வைத்துக்கொண்ட பெயர். அதற்கு எந்த மதிப்பும் கிடையாது. பார்க்க வேண்டியது பெயருக்குப் பக்கத்திலோ கீழேயோ இருக்கும் மின்னஞ்சல் முகவரி. சப்ளையர் தன் நிறுவன டொமைனில் மெயில் வைத்திருக்கும்போது, கோப்பின் உரிமையாளர் இலவச மெயில் முகவரியாக இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

அறிகுறி: லிங்க்கைத் திறந்தால் மெயில் கடவுச்சொல் கேட்கிறது

இங்கே இன்வாய்ஸ் வெறும் தூண்டில், குறி உங்கள் மெயில்பெட்டி. இதன் இன்னொரு வடிவம், பிடிஎஃப் கோப்பே மங்கலான இன்வாய்ஸ் படமாக இருந்து, நடுவில் "ஆவணத்தைக் காண" என்று ஒரு பொத்தான் இருப்பது. பொத்தானின் மேல் மவுஸை வைத்தால் போகும் முகவரி தெரியும். ஏற்கெனவே அந்தச் சேவையில் உள்நுழைந்திருக்கும் உங்களிடம் மறுபடியும் கடவுச்சொல் கேட்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. கேட்டால் பக்கத்தை மூடிவிட்டு, அதே சேவையைப் புதிய டேபில் நீங்களே முகவரி தட்டித் திறந்து, "என்னுடன் பகிர்ந்தவை" பகுதியில் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒருமுறைக் குறியீடு போட்டுத்தானே உள்ளே போகிறோம், கடவுச்சொல் போனால் என்ன என்று நினைக்க வேண்டாம். இப்போதைய போலிப் பக்கங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் தட்டுவதை அப்படியே அசல் தளத்துக்குக் கடத்திவிட்டு, திரும்பி வரும் உள்நுழைவு அனுமதியைத் திருடிவிடும். கடவுச்சொல்லும் குறியீடும் தட்டியாகிவிட்டது என்றால் கடைசிப் பகுதிக்கு இப்போதே போங்கள்.

அறிகுறி: முகவரி சரியாகத்தான் தெரிகிறது, ஆனால் ஏதோ உறுத்துகிறது

இந்த இரண்டு முகவரிகளையும் பாருங்கள்:

```
accounts@mill-parts.example
accounts@rnill-parts.example
```

இரண்டாவதில் `m` இல்லை, `r` மற்றும் `n` இரண்டும் ஒட்டி நிற்கின்றன. சிறிய எழுத்தில், கைபேசித் திரையில், இதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆகவே கண்ணை நம்பாதீர்கள். முகவரியை நகலெடுத்து, பழைய மெயில்களைத் தேடும் பெட்டியில் ஒட்டுங்கள். பல மாதங்களாக எழுதிக்கொண்டிருப்பவர் என்றால் பழைய மெயில்கள் கொட்டும். நேற்றோ இன்றோ வந்த ஒன்றிரண்டு மட்டும் வந்தால் அந்த முகவரி புதிது. இந்தத் தேடலுக்கு அரை நிமிடம்கூட ஆகாது, போலி டொமைன்களில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடும்.

அடுத்து ஹெடர், அதாவது மெயில் எங்கிருந்து எப்படி வந்தது என்று மெயிலோடு மறைவாகப் பதிந்திருக்கும் தகவல். ஜிமெயிலில் மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் `Show original`, அவுட்லுக்கில் `View message source`. அதில் மூன்று வரிகள் போதும்:

```
From: "Accounts" <accounts@mill-parts.example>
Reply-To: <accounts@rnill-parts.example>
Authentication-Results: ... spf=fail ... dmarc=fail
```

அனுப்புநர் முகவரி அசலாகத் தெரிந்து, பதில் போக வேண்டிய முகவரி மட்டும் வேறாக இருந்தால், நீங்கள் கேட்கும் சந்தேகம் எல்லாம் மோசடிக்காரருக்குப் போகும், பதிலும் அவரிடமிருந்தே வரும். `spf`, `dmarc` இரண்டும் அனுப்புநர் டொமைன் உண்மையானதா என்று பெறும் சர்வர் செய்யும் சோதனைகள். `dmarc=fail` என்று இருந்தால், அந்த டொமைனின் பெயரில் வேறு யாரோ அனுப்பியிருக்க வாய்ப்பு அதிகம். சில சமயம் மெயிலைத் தானாக வேறு பெட்டிக்கு அனுப்பும் ஏற்பாட்டாலும் இது தோற்கும். அதனால் இதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட வேண்டாம், பணத்தை மட்டும் நிறுத்தி வையுங்கள்.

பலர் சறுக்குவது எதிர்த்திசையில். `dmarc=pass` என்று பார்த்ததும் நிம்மதி அடைகிறார்கள். அது சொல்வது "இந்த மெயில் இந்த டொமைனிலிருந்துதான் வந்தது" என்பதை மட்டுமே. `rnill-parts.example` டொமைனை மோசடிக்காரரே காசு கொடுத்து வாங்கியிருந்தால், அவருடைய மெயிலும் எல்லாச் சோதனையிலும் தேறும்.

அறிகுறி: பழைய உரையாடல் முழுவதும் கீழே இருக்கிறது, முகவரியும் அசல்

இதுதான் மிகவும் ஆபத்தான வகை. மெயில் நிஜமாகவே சப்ளையரின் பெட்டியிலிருந்து வருகிறது. அவருடைய கடவுச்சொல் முன்பே திருடு போயிருக்கிறது. உள்ளே நுழைந்தவர் உடனே எதுவும் செய்யாமல், யாருக்கு எவ்வளவு பாக்கி, இன்வாய்ஸ் என்றைக்குப் போகும், கணக்குப் பிரிவில் இருப்பவர் எப்படி எழுதுவார் என்று படித்துக்கொண்டே இருப்பார். இன்வாய்ஸ் போகும் நாளில் அதை எடுத்து, கணக்கு எண்ணை மட்டும் மாற்றி, அதே உரையாடலின் கீழ் அனுப்புவார். உங்கள் பதில்கள் உண்மையான ஊழியரின் கண்ணில் படாமல் இருக்க, உங்கள் முகவரியிலிருந்து வருவதையெல்லாம் யாரும் திறக்காத ஒரு கோப்புறைக்கு நகர்த்தும் விதியும் போட்டு வைத்திருப்பார். அவுட்லுக்கில் `RSS Feeds` கோப்புறை இதற்கு அடிக்கடி பயன்படுத்தப்படுகிறது.

மெயிலைச் சோதித்து இதைக் கண்டுபிடிக்க வழி இல்லை. பதில் மெயில் போட்டு "கணக்கு மாறியது உண்மையா?" என்று கேட்டால், "ஆமாம், உண்மை" என்று அசல் முகவரியிலிருந்தே பதில் வரும். எந்தக் காலத்திலும் மெயிலை மெயிலால் சரிபார்க்காதீர்கள்.

அறிகுறி: பிடிஎஃப்பில் கணக்கு எண் வரி மட்டும் வேறுமாதிரி இருக்கிறது

கணக்கு எண்ணின் எழுத்துரு கொஞ்சம் தடித்திருக்கும், அல்லது வரி ஒரு மயிரிழை கீழே இறங்கியிருக்கும், அல்லது எண்ணுக்குப் பின்னால் இருக்கும் வெள்ளை கட்டத்தின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒத்துப்போகாது. கோப்பை 400 சதவீதம் பெரிதாக்கி, அதே சப்ளையரின் போன மாத இன்வாய்ஸைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணக்கு எண்ணை மவுஸால் தேர்ந்தெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். பழைய எண்ணை வெள்ளைக் கட்டத்தால் மூடி அதன் மேல் புதியதை எழுதியிருந்தால், சில சமயம் ஒட்டிய இடத்தில் இரண்டு எண்களும் வந்து விழும்.

இன்னும் ஆழமாகப் பார்க்க, `poppler` என்ற இலவசத் தொகுப்பில் உள்ள கருவிகளும், லினக்ஸ் டெர்மினலில் ஏற்கெனவே இருக்கும் `grep`, `head` கட்டளைகளும் போதும்.

```
pdfinfo invoice-2317.pdf
pdffonts invoice-2317.pdf
grep -abo '%%EOF' invoice-2317.pdf
```

முதல் கட்டளையின் வெளியீட்டில் `Producer`, `CreationDate`, `ModDate` மூன்றையும் பாருங்கள். போன மாத இன்வாய்ஸுக்கும் இதே கட்டளையை ஓட்டுங்கள். இந்த ஒப்பீட்டில்தான் விஷயமே இருக்கிறது. சப்ளையரின் பில்லிங் மென்பொருள் பொதுவாக ஒரே `Producer` பெயரைத்தான் பதியும். இந்த முறை அந்த இடத்தில் ஏதோ ஆன்லைன் பிடிஎஃப் எடிட்டரின் பெயர் இருந்து, மாற்றிய தேதி உருவாக்கிய தேதிக்கு இரண்டு நாள் பிந்தியதாகவும் இருந்தால், இடையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது கட்டளை கோப்பில் உள்ள எழுத்துருக்களைப் பட்டியலிடும். நம் இன்வாய்ஸில் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள் (சில பத்திகள் நீக்கப்பட்டவை):

```
name                 type        emb sub
BCDEEE+Calibri       TrueType    yes yes
BCDFEE+Calibri-Bold  TrueType    yes yes
Helvetica            Type 1      no  no
```

பில்லிங் மென்பொருள் தன் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்து வைத்திருக்கிறது. மூன்றாவது எழுத்துருவுக்கு `emb` பத்தியில் `no` என்று இருக்கிறது, அதாவது அது பதிக்கப்படவில்லை, போன மாத இன்வாய்ஸில் அது இல்லவும் இல்லை. எடிட்டரில் ஒரு வரியை அழித்து மறுபடி தட்டும்போது எடிட்டர் தனக்குத் தெரிந்த எழுத்துருவைப் போட்டுவிடுவதால் இப்படி ஆகும்.

மூன்றாவது கட்டளை எல்லாவற்றையும்விடச் சுவாரசியமானது. பிடிஎஃப்பைத் திருத்திச் சேமிக்கும்போது, பல மென்பொருட்கள் பழைய உள்ளடக்கத்தை அழிப்பதில்லை. மாற்றத்தை மட்டும் கோப்பின் வாலில் ஒட்டிவிட்டு, கோப்பு இங்கே முடிகிறது என்று காட்டும் `%%EOF` குறியை இன்னொரு முறை போடுகின்றன. நம் கோப்பில் இரண்டு குறிகள் வருகின்றன:

```
61240:%%EOF
66812:%%EOF
```

முதல் குறி முடியும் இடம்வரை, அதாவது 61240 உடன் குறியின் 5 எழுத்துகளையும் சேர்த்து 61245 பைட் வரை, கோப்பை வெட்டி எடுத்தால் திருத்தத்துக்கு முந்தைய வடிவம் கிடைக்கும்.

```
head -c 61245 invoice-2317.pdf > before.pdf
pdftotext before.pdf -
```

வெளியே வரும் எழுத்தில் நீங்கள் வழக்கமாகப் பணம் செலுத்தும் பழைய கணக்கு எண் இருந்தால், அசல் இன்வாய்ஸை எடுத்து அதன் மேல் புதிய எண்ணை ஏற்றியிருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. சப்ளையரிடம் பேசும்போதும் இது உதவும். அவர்கள் அனுப்பிய கோப்பு வழியில் எங்கோ பிடிபட்டு மாற்றப்பட்டிருக்கிறது என்பதை அவர்களுக்கே காட்டலாம்.

இதற்கும் வரம்புகள் உண்டு. இணையத்தில் வேகமாகத் திறப்பதற்காக வரிசைப்படுத்திய பிடிஎஃப்பில், யாரும் கை வைக்காவிட்டாலும், இரண்டு குறிகள் இருக்கும். அப்போது முதல் குறி கோப்பின் தொடக்கத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிடும், அதை விட்டுவிடுங்கள். டிஜிட்டல் கையொப்பம் சேர்த்தாலும், "பெறப்பட்டது" என்று முத்திரை குத்தினாலும் குறி கூடும், மாற்றிய தேதியும் மாறும். மறுபுறம், திருத்திய கோப்பை மோசடிக்காரர் புதிதாக அச்சிட்டு பிடிஎஃப்பாகச் சேமித்திருந்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும், ஒரே குறிதான் இருக்கும். அப்படிப்பட்ட கோப்பு சில சமயம் வெறும் படமாக இருக்கும். எப்போதும் எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்த இன்வாய்ஸில் இந்த முறை எதையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால் அதுவே ஓர் அறிகுறி.

இன்வாய்ஸின் அடியில் நீல மையில் கையெழுத்தும் வட்ட முத்திரையும் இருப்பது எதற்கும் சான்று ஆகாது. பழைய இன்வாய்ஸிலிருந்து வெட்டி ஒட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும்.

அறிகுறி: பெயர் ஒன்று, கணக்கு இருக்கும் இடம் வேறு

சர்வதேசக் கணக்கு எண்ணான ஐபேனில் முதல் இரண்டு எழுத்துகள் நாட்டைக் குறிக்கும். சப்ளையர் ஒரு நாட்டில் இருக்க, கணக்கு அவருக்குத் தொழிலே இல்லாத இன்னொரு நாட்டில் இருந்தால் விளக்கம் கேளுங்கள். அடுத்த இரண்டு இலக்கங்கள் சரிபார்ப்பு எண். அது சரியாக இருந்தால் எண்ணைத் தட்டுவதில் பிழை இல்லை என்று மட்டும்தான் பொருள். கணக்கு யாருடையது என்று அது சொல்லாது. "வங்கித் தளம் எண்ணை ஏற்றுக்கொண்டது, ஆகவே சரிதான்" என்ற வாதம் இங்கேதான் உடைகிறது.

பெறுநர் பெயரை எழுதியிருக்கிறோமே, பெயர் பொருந்தாவிட்டால் வங்கி நிறுத்தாதா என்று தோன்றும். பல கட்டண முறைகளில் பணம் கணக்கு எண்ணைப் பார்த்து மட்டுமே போய்ச் சேரும். பெயரை முன்கூட்டியே ஒப்பிட்டுக் காட்டும் வசதி பிரிட்டனில் 2020 முதல் நடைமுறைக்கு வந்தது, யூரோ நாடுகளில் 2025 அக்டோபர் முதல் கட்டாயமாகியிருக்கிறது. உங்கள் வங்கியில் இந்த வசதி இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். "பெயர் பொருந்தவில்லை" என்று வந்தால் அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகாதீர்கள். மோசடிக்காரர் இதற்கும் ஒரு விளக்கம் தயாராக வைத்திருப்பார்: "அது எங்கள் துணை நிறுவனம்" என்பார், அல்லது "வங்கியில் பெயரைச் சுருக்கிப் போட்டிருக்கிறார்கள்" என்பார்.

பெயர் பொருந்தினாலும் வேலை முடியவில்லை. 2013 முதல் 2015 வரை லிதுவேனியாவைச் சேர்ந்த ஒருவர், கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் சப்ளையராக இருந்த தைவானின் குவான்டா கம்ப்யூட்டர் நிறுவனத்தின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, அந்தப் பெயரிலேயே வங்கிக் கணக்குகளும் திறந்து, போலி இன்வாய்ஸ்கள் அனுப்பினார். கூகுளும் ஃபேஸ்புக்கும் அனுப்பிய பணம் மொத்தம் 10 கோடி டாலருக்கு மேல். அவருக்கு 2019இல் 5 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. எந்தப் பெயர்ச் சோதனையும் அந்தக் கணக்குகளைப் பிடித்திருக்காது.

முதலில் சிறு தொகை அனுப்பிப் பார்ப்போம் என்பதும் பயன்படாத யோசனை. சிறு தொகை புதிய கணக்குக்குத்தான் போகும், "வந்து சேர்ந்தது, நன்றி" என்று மெயில் எழுதுகிறவரும் அதே மோசடிக்காரர்தான். பணம் வந்ததா என்று சப்ளையரைத் தெரிந்த எண்ணில் அழைத்துக் கேட்டால் மட்டுமே அதற்கு அர்த்தம் உண்டு. அப்படி அழைப்பதென்றால் பணம் அனுப்பும் முன்பே அழைத்துவிடலாமே.

அறிகுறி: "இன்றே செலுத்துங்கள், கூட்டத்தில் இருக்கிறேன், போன் வேண்டாம்"

தொலைபேசியைத் தவிர்க்கச் சொல்லும் எந்த வரியும் தொலைபேசியை எடுப்பதற்கான காரணம். வெள்ளிக்கிழமை மாலையிலோ, நீண்ட விடுமுறைக்கு முந்தின நாளோ இது வருவதற்குக் காரணம் உண்டு. திங்கட்கிழமை நீங்கள் விழித்துக்கொள்வதற்குள் பணம் இரண்டு மூன்று கணக்குகள் தாண்டியிருக்கும். உண்மையான சப்ளையருக்கு உங்களிடம் ஒரு நாள் தாமதத்தைப் பொறுக்க வழி இருக்கிறது. இன்வாய்ஸின் வழக்கமான கெடு 30 நாள் என்றால், இந்த ஒன்றுக்கு மட்டும் இன்று மாலை என்பது எங்கிருந்து வந்தது?

தீர்ப்புச் சொல்லும் அழைப்பு

எண்ணை இன்வாய்ஸிலிருந்தோ மெயிலின் அடியிலிருந்தோ எடுக்கக் கூடாது. கணக்கு எண்ணை மாற்றியவர் தொலைபேசி எண்ணை மாற்றாமலா விடுவார்? பழைய ஒப்பந்தம், முதல் பர்ச்சேஸ் ஆர்டர், ஓராண்டுக்கு முந்தைய இன்வாய்ஸ், இவற்றில் எதிலாவது இருக்கும் எண்ணை எடுங்கள். நீங்களே அழையுங்கள். யாரும் எடுக்காவிட்டால், அரை மணி நேரம் கழித்து வேறு எண்ணிலிருந்து வரும் அழைப்பைச் சரிபார்ப்பாகக் கொள்ளாதீர்கள். குரல் பழக்கமானதாக இருந்தாலும் அப்படித்தான், இப்போது குரலையும் போலியாகச் செய்ய முடிகிறது. வந்த அழைப்பைத் துண்டித்து, பழைய எண்ணில் நீங்கள் மறுபடி கூப்பிடுங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். "கணக்கு மாறியிருக்கிறதாமே, 4471இல் முடிகிறது, சரிதானே?" என்று கேட்டால், வேலை மும்முரத்தில் இருப்பவர் "சரிதான் சார்" என்று சொல்லிவிடக்கூடும். எண்ணை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களைச் சொல்ல வையுங்கள்: "இன்வாய்ஸ் 2317க்கு எந்த வங்கி, எந்தக் கணக்கில் போட வேண்டும்? முழு எண்ணையும் படித்துக் காட்டுங்கள், மேடம்." அவர்கள் படிப்பதை உங்கள் கையில் உள்ள இன்வாய்ஸோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். பேசியவர் பெயர், நேரம், அழைத்த எண் மூன்றையும் இன்வாய்ஸோடு சேர்த்துக் குறித்து வையுங்கள்.

கணக்கு உண்மையாகவே மாறியிருந்தால், மாற்றத்தைப் பதிவு செய்கிறவரும் பணத்துக்கு ஒப்புதல் தருகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. சிறிய அலுவலகத்தில் இரண்டாவது ஆள் இல்லை என்றால், மாற்றம் பதிவான அன்றே பணம் அனுப்புவதில்லை என்றாவது வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பணம் போய்விட்டது

மெயில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் வங்கியின் மோசடிப் பிரிவை உடனே தொலைபேசியில் பிடியுங்கள். முதல் சில மணி நேரத்தில் பணம் பெரும்பாலும் முதல் கணக்கிலேயே இருக்க வாய்ப்பு உண்டு, பிறகு அது துண்டு துண்டாகப் பிரிந்துவிடும். மூன்றைக் கேளுங்கள்: பரிமாற்றம் இன்னும் நிலுவையில் இருந்தால் ரத்து; போய்விட்டிருந்தால் திரும்பப் பெறும் கோரிக்கை; பெறும் வங்கியின் மோசடிப் பிரிவுக்குத் தகவல் போய் அங்கே கணக்கு முடக்கப்படுவது. மூன்றாவதைக் கேட்க மறக்காதீர்கள். திரும்பப் பெறும் கோரிக்கை கோரிக்கைதான். பணம் வரவு வைக்கப்பட்ட பிறகு கணக்குக்காரரின் சம்மதம் இல்லாமல் பெறும் வங்கி பெரும்பாலும் திருப்பித் தராது, மோசடிக்காரரின் ஆள் சம்மதிக்கப் போவதும் இல்லை. முடக்கம்தான் பணத்தை அங்கேயே நிறுத்தும்.

சர்வதேசப் பரிமாற்றம் என்றால், அதற்கென உள்ள தனித்த அடையாள எண்ணை (`UETR`, 36 எழுத்துகள் கொண்டது) வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். பணம் இப்போது எந்த வங்கியில் நிற்கிறது என்பதை அதை வைத்துத் தேடலாம். அன்றே உங்கள் நாட்டின் சைபர் குற்றப் பிரிவில் புகார் பதிந்து, புகார் எண்ணை வங்கிக்குக் கொடுங்கள். அந்த எண் இருந்தால்தான் பல வங்கிகள் முடக்கத்தை நீட்டிக்கும்.

ஆதாரமாக மெயிலை முன்னனுப்பாதீர்கள், அதில் அசல் ஹெடர் தொலைந்துவிடும். மெயிலை `.eml` கோப்பாகத் தரவிறக்குங்கள். பிடிஎஃப்பைத் திறந்து மறுபடி சேமிக்காமல், வந்தபடியே ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

பிறகு எந்த மெயில்பெட்டி உடைந்தது என்று பாருங்கள். உடைந்தது சப்ளையருடையதாக இருக்கலாம், உங்களுடையதாகவும் இருக்கலாம். மெயில் அமைப்பில் விதிகள், தானியங்கி முன்னனுப்பல் இரண்டையும் திறந்து, நீங்கள் போடாத எதையும் படம்பிடித்துவிட்டு நீக்குங்கள். ஜிமெயிலில் இவை `Filters and Blocked Addresses`, `Forwarding and POP/IMAP` ஆகிய பகுதிகளில் இருக்கும். கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. திருடப்பட்ட உள்நுழைவு அனுமதி கடவுச்சொல் மாறிய பிறகும் உயிரோடு இருக்கலாம். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றும் பொத்தானை அழுத்துங்கள், கணக்கை அணுக அனுமதி பெற்றிருக்கும் அறிமுகமில்லாத செயலிகளையும் நீக்குங்கள்.

சப்ளையருக்கும் அதே பழைய தொலைபேசி எண்ணில் சொல்லுங்கள். அவர்கள் பெட்டி உடைந்திருந்தால், இதே வாரத்தில் அவர்களுடைய மற்ற வாடிக்கையாளர்களுக்கும் இதே மாதிரி இன்வாய்ஸ் போயிருக்கலாம். இன்வாய்ஸ் 2317இன் உண்மையான பாக்கி இன்னும் பாக்கியாகவே இருக்கிறது. அதை யார் ஏற்பது என்பது பெரும்பாலும் யாருடைய பெட்டி உடைந்தது, யார் சரிபார்க்காமல் விட்டார் என்பதைப் பொறுத்துப் பேசப்படும். நீங்கள் எடுத்து வைத்த `.eml` கோப்பும், ஹெடரும், வெட்டி எடுத்த `before.pdf` கோப்பும் அந்தப் பேச்சில்தான் தேவைப்படும்.